மைக்ரோஃபைபர்: நுண்ணிழையா, நெகிழிப் பிசிறா?

மைக்ரோஃபைபர் என்ற சொல்லுக்கு இப்போது இரண்டு பொருள் இருக்கிறது. கார் துடைக்கக் கடையில் வாங்கும் மென்மையான துணியின் பெயரும் அதுதான், சலவைத் தண்ணீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் பிளாஸ்டிக் பிசிறின் பெயரும் அதுதான். தமிழில் இரண்டுக்கும் ‘நுண்ணிழை’ என்றே எழுதுகிறோம். படிப்பவர் குழம்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

‘மைக்ரோ’ சிறியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபைபர்’ லத்தீன் ‘ஃபைப்ரா’விலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து முதலில் புழங்கியது ஜவுளித் தொழில். அங்கே இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். அதைவிட மெல்லியது மைக்ரோஃபைபர். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ இப்படிப்பட்ட மிக மெல்லிய இழையிலிருந்து, ஸ்வேட் என்ற மென்மையான தோலைப் போன்ற துணியை உருவாக்கினார். இந்தப் பொருளில் மைக்ரோஃபைபர் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், மெல்லியதாக இருந்தால் போதும்.

சூழலியலாளர்கள் சொல்லும் மைக்ரோஃபைபர் வேறு. அது 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் உடைந்து உதிர்ந்த துண்டு. 2011-இல் மார்க் பிரவுனும் அவருடைய குழுவினரும் ஆறு கண்டங்களின் கடற்கரை மணலை ஆராய்ந்தபோது, அதிலிருந்த செயற்கை இழைகள் துணி சலவையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஓர் ஆடையை ஒருமுறை துவைத்தால் 1,900-க்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்றும் கண்டார்கள். அதற்குப் பிறகே இந்தப் பொருள் பரவலானது. குழப்பத்தைத் தவிர்க்க, துறைக்குள் இருக்கும் பலர் இப்போது ‘இழைத் துண்டு’ என்ற பொருள்தரும் சொல்லையே விரும்புகிறார்கள்.

நம்மிடம் அதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: பிசிறு. துணி ஓரத்திலும் தையலிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை அப்படித்தான் சொல்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவது தனி வேலையே. ஆகவே மெல்லிய இழைக்கு நுண்ணிழை, உதிர்ந்த துண்டுக்கு நெகிழிப் பிசிறு என்று பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. ‘செயற்கை இழை’ என்பது இங்கே பொருந்தாது. மரக்கூழிலிருந்து செய்யும் ரேயானும் செயற்கை இழைதான், ஆனால் அது நெகிழி அல்ல. பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவையே நெகிழி.

சரி, அது ஏன் உதிர்கிறது? துணி பழசாகி நைந்துபோவதால் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புதுத் துணிதான் முதல் சில சலவைகளில் அதிகம் உதிர்க்கும். வெட்டும்போதும் தைக்கும்போதும் உண்டான துண்டுகள் நெசவுக்குள்ளேயே தங்கியிருந்து தண்ணீரில் வெளியேறும். அதற்குப் பிறகும் உதிர்வு நிற்காது, குறையும். எவ்வளவு குறையும் என்பதை நூலின் அமைப்பு முடிவு செய்கிறது.

பாலியெஸ்டர் ஆலையில் முடிவில்லாத நீள இழையாகவே பிறக்கிறது. அப்படியே நெய்த வழவழப்பான துணியில் அவிழ்ந்து நிற்கும் நுனிகள் குறைவு, அதனால் உதிர்வும் குறைவு. பருத்தியோடு கலக்க வேண்டுமென்றால் அதை மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி நூலாக நூற்பார்கள். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நுனி. முறுக்கு தளர்வாக இருந்தால் அந்த நுனிகள் வெளியே எட்டிப் பார்க்கும். துவைக்கும்போது துணியோடு துணி உரசி நுனியை இழுக்கும், அது வளைந்து வளைந்து கடைசியில் முறியும். குளிருக்குப் போடும் ஃபிளீஸ் வகைத் துணியில் நிலைமை இன்னும் மோசம். பஞ்சு போன்ற மென்மை வேண்டும் என்பதற்காகவே கம்பிப் பல் உருளையால் மேற்பரப்பைக் கீறி, வளையங்களை உடைத்து விடுகிறார்கள். கைக்கு இதமாக இருக்கும் அந்தப் பரப்பு முழுக்க அறுபட்ட நுனிகள்தான். கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துணியின் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துப் பாருங்கள். டேப்பில் மயிர் போல நிறைய ஒட்டிவந்தால் அந்தத் துணி சலவையிலும் தாராளமாக உதிர்க்கும்.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ துணியை ஒருமுறை துவைத்தால் எவ்வளவு உதிரும் என்று கணக்கிட்டார்கள். பாலியெஸ்டர்–பருத்திக் கலப்பில் சுமார் 1.4 லட்சம், முழு பாலியெஸ்டரில் சுமார் 5 லட்சம், அக்ரிலிக்கில் 7 லட்சத்துக்கும் மேல். கலப்புத் துணி நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம், அவர்கள் எடுத்தது ஒவ்வொரு வகையிலும் ஓர் ஆடை மட்டுமே. இழையின் பெயரைவிட அது நூற்கப்பட்ட விதம் முக்கியம்.

வீட்டில் நம் கையில் இருப்பது தண்ணீரின் அளவு. மென்மையான துணிக்கென்று மெஷினில் இருக்கும் ‘டெலிகேட்’ ஓட்டம் துணியைக் காப்பாற்றும் என்று நம்பி எல்லா பாலியெஸ்டரையும் அதில் போடுகிறவர்கள் உண்டு. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதைச் சோதித்தபோது விளைவு தலைகீழாக வந்தது. அந்த ஓட்டத்தில், குறைந்த தண்ணீர் எடுக்கும் சாதாரண ஓட்டத்தைவிடச் சுமார் 8 லட்சம் இழைகள் கூடுதலாக வெளியேறின. டிரம் மெதுவாகச் சுற்றினாலும் துணிக்குத் தண்ணீர் அதிகம், அது நெசவுக்குள் புகுந்து பிசிறை வெளியே இழுத்து வருகிறது. டாப் லோடு மெஷினில் உதிர்வு கூடுதலாக இருப்பதற்கும் அதிகத் தண்ணீர், நடுவில் இருக்கும் சுழலி இரண்டுமே காரணமாக இருக்கலாம். ஃபிளீஸ் போன்ற ஜாக்கெட்டுகளை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், முன்பக்கக் கதவுள்ள மெஷினைவிட இது ஏழு மடங்கு அளவுக்கு எடை உள்ள பிசிறை வெளியேற்றியது.

அதற்காக மெஷினை மாற்ற வேண்டியதில்லை. டாப் லோடு வைத்திருக்கும் வீட்டில் இரண்டு டி-ஷர்ட்டும் ஒரு டிராக் பேண்டும் அழுக்கானதும் தண்ணீர் அளவை ‘ஹை’யில் வைத்துத் துவைப்பதுதான் மோசமான வழி. துணியைச் சேர்த்துவைத்து, டிரம் நிறையும்போது அந்தச் சுமைக்குரிய தண்ணீர் மட்டும் விட்டு, குளிர்ந்த நீரில், குறுகிய ஓட்டத்தில் துவைத்தால் போதும். பாலியெஸ்டரோடு ஜீன்ஸைப் போடாமல் இருப்பதும் நல்லது, முரட்டுத் துணி உரசும். கையால் அலசுவது மெஷினைவிடக் குறைவாகவே உதிர்க்கும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்த லாபம் குறைந்துவிடும். அழுக்காகாத மேலாடையை ஒருமுறை உடுத்தியதுமே துவைக்காமல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

மெஷினுக்குள் இருக்கும் லின்ட் ஃபில்டர் வலையை நம்பியிருக்க முடியாது. 1 டெனியர் பாலியெஸ்டரின் குறுக்களவு ஏறக்குறைய 10 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வலையில் சிக்குவது திரண்ட பிசிறு மட்டும், தனித்தனியாக இருப்பது தப்பிவிடும். கழிவுநீர்க் குழாயில் பொருத்தும் தனி வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது. கனடாவின் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 97 வீடுகளில், அதாவது ஊரின் பத்தில் ஒரு பங்கு வீடுகளில், இதைப் பொருத்திப் பார்த்தார்கள். ஊரின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் பிசிறு 41 சதவீதம் குறைந்தது. பிரான்ஸ் 2020-இலேயே புது மெஷின்களில் வடிகட்டி வேண்டும் என்று சட்டம் போட்டது. துணியைப் போட்டுத் துவைக்கும் வலைப்பையும் உண்டு. அது பாதிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும் என்று பிளைமவுத் சோதனையில் தெரிந்தது.

எந்த வடிகட்டியாக இருந்தாலும் அதில் சேர்ந்த பிசிறைக் குழாயடியில் கழுவினால் பிடித்ததெல்லாம் சாக்கடைக்கே போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைத் தடுத்தாலும், தடுத்தது கசடில் தங்கி, அந்தக் கசடை உரமாகப் போடும் வயலுக்குப் போகிறது. அதனால் வடிகட்டியை உலரவிடுங்கள். காய்ந்த பிசிறு தாளாக உரிந்து வரும். அதை ஒரு மூடிய பையில் போட்டு, மட்காத குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.