பாரிஸ் ஹோட்டல் கணினியில் @ எங்கே இருக்கிறது?

பாரிஸிலிருந்து மறுபடியும் அதே அழைப்பு. "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், தப்புன்னு சொல்லுது. யாரோ ஹேக் பண்ணிட்டாங்க." தயவுசெய்து முதலில் கீபோர்டைக் குனிந்து பாருங்கள். மேல் வரிசை எழுத்துகள் `A Z E R T Y` என்று தொடங்கினால் அது பிரெஞ்சு கீபோர்டு. யாரும் ஹேக் செய்யவில்லை. கீபோர்டும் பழுதாகவில்லை.

குறிகள் மட்டும்தான் இடம் மாறியிருக்கும், எழுத்துகள் அப்படியே இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிச் சிக்கல் இந்த நம்பிக்கையால்தான். `A`-வும் `Q`-வும் இடம் மாறியிருக்கின்றன. `W`-வும் `Z`-உம் அதேபோல் இடம் மாறியிருக்கின்றன. `M` போய் `L`-க்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. எண்களுக்கோ ஷிப்ட் அழுத்த வேண்டும். ஷிப்ட் இல்லாமல் 2-ஐத் தட்டினால் `é` விழும்.

உதாரணத்துக்கு `Maya@27` என்ற பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வோம். கீபோர்டைப் பார்க்காமல், நம் ஊர் விரல் பழக்கத்தில் தட்டினால் பிரெஞ்சு கீபோர்டில் உள்ளே போவது இதுதான்:

```
?qyq2éè
```

ஏழு எழுத்துக்கு ஏழு புள்ளிகள் திரையில் சரியாகவே தெரியும். அதனால்தான் "சரியாத்தான் போட்டேன்" என்று அடித்துச் சொல்கிறார்கள். நாலைந்து முறை இப்படிப் போட்டுக் கணக்கு பூட்டிக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு அழைப்பு வருகிறது.

அதைவிட மோசமானது, அவசரப்பட்டுப் புதிய பாஸ்வேர்டு வைப்பது. அதே விரல் பழக்கத்தில் இரண்டு பெட்டியிலும் தட்டுவீர்கள், இரண்டும் பொருந்தும், தளமும் ஏற்றுக்கொள்ளக்கூடும். இப்போது உங்கள் பாஸ்வேர்டு நிஜமாகவே `?qyq2éè` ஆகிவிட்டது. சென்னைக்குத் திரும்பி `Maya@27` என்று எத்தனை முறை போட்டாலும் திறக்காது. "இந்த எழுத்துக்கு அனுமதியில்லை" என்று தளம் மறுத்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வீட்டு விண்டோஸ் கணினியின் மொழி அமைப்பில் பிரெஞ்சு கீபோர்டைச் சேர்த்து, அதற்கு மாறி, அதே விரல் பழக்கத்தில் தட்டிப் பாருங்கள். திறந்ததும் பழைய கீபோர்டுக்கு மாறி, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

இனி குறிகள். ஒரு விசையில் மூன்று குறிகள் அச்சாகியிருந்தால், கீழே இடப்பக்கம் இருப்பது நேராகத் தட்டினால் வரும். மேலே இருப்பது ஷிப்ட்டுடன். கீழே வலப்பக்கம் இருப்பது `AltGr` உடன். `AltGr` என்பது ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் உள்ள விசை. இடப்பக்க `Alt` அந்த வேலையைச் செய்யாது. அதை அழுத்தினால் பிரவுசர் மெனுதான் திறக்கும். `AltGr`-ஐ அழுத்திப் பிடித்தபடியே மற்ற விசையைத் தட்டுங்கள்.

```
@   AltGr + 0
#   AltGr + 3
\   AltGr + 8
_   8 (Shift வேண்டாம்)
-   6 (Shift வேண்டாம்)
.   Shift + ;
/   Shift + :
```

`:` விசையும் `/` விசையும் ஒன்றே என்பதால், இணைய முகவரியின் `://` முழுவதையும் அந்த ஒரே விசையில் முடித்துவிடலாம். `^` தட்டினால் உடனே ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். அது அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். `a` தட்டினால் `â` ஆகிவிடும். `^` மட்டும் வேண்டுமென்றால் அதைத் தட்டிவிட்டு ஸ்பேஸ் தட்டுங்கள்.

இது பிரான்ஸில் விற்கும் விண்டோஸ் கீபோர்டுக்கான கணக்கு. பிரஸ்ஸல்ஸ் போனால் எழுத்து வரிசை இதேபோல் தெரியும், ஆனால் `@` அங்கே `AltGr + 2`. ஜெர்மனியில் `AltGr + Q`, `/` ஷிப்ட்டுடன் 7, `Y`-உம் `Z`-உம் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு மேக்கில் `@`-க்கு 1-க்கு இடப்பக்கம் தனி விசையே உண்டு.

பாஸ்வேர்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் நோட்பேடைத் திறந்து, பாஸ்வேர்டில் உள்ள சந்தேகமான எழுத்துகளையும் குறிகளையும் மட்டும் வரிசை மாற்றித் தட்டிப் பாருங்கள். முழு பாஸ்வேர்டையும் அங்கே எழுதாதீர்கள். பயனர் பெயர்ப் பெட்டியில் போட்டுப் பார்ப்பதும் கூடாது. பிரவுசர் அதை நினைவில் வைத்து, அடுத்து வருபவருக்குக் காட்டக்கூடும். இரண்டு முறை தவறினால் நிறுத்திவிடுங்கள்.

`@` எப்படியும் வரவில்லையா? ஏதாவது பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அந்தக் குறியை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். வலப்பக்கம் தனி எண் பலகை இருந்தால் இடப்பக்க `Alt`-ஐப் பிடித்துக்கொண்டு அதில் 64 தட்டினாலும் வரும், `/`-க்கு 47.

`Win + Space` அழுத்தினால், அந்தக் கணினியில் ஆங்கில அமைப்பு சேர்க்கப்பட்டிருந்தால், அதற்கு மாறலாம். அதன்பிறகு விசைகளில் அச்சாகியிருப்பதை நம்பாதீர்கள்; விரல் பழக்கத்தை மட்டும் நம்புங்கள். எழுந்து போகும்போது கணக்கிலிருந்து வெளியேறி, மறக்காமல் பிரெஞ்சுக்கே மாற்றிவைத்துவிட்டுப் போங்கள். அடுத்து உட்கார்பவரும் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டாம்.

வங்கி வேலையை மட்டும் அந்தக் கணினியில் செய்யவே செய்யாதீர்கள். தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் மென்பொருள் அதில் இருக்கிறதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. திரையில் வரும் கீபோர்டில் தட்டினாலும் அதிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடையாது.