என்.பி.எஸ்.ஸா, மியூச்சுவல் ஃபண்டா: இடையில் பணம் தேவைப்பட்டால் என்ன ஆகும்?

மதுரையில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வயதுக்காரர்கள் பலரும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தை, அதாவது என்.பி.எஸ்.ஸை, அரசாங்கமே உத்தரவாதம் தரும் பென்ஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி இல்லை. 2009 மே மாதம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட இந்தத் திட்டத்திலும் நம் பணம் பங்குகளுக்கும் கடன் பத்திரங்களுக்கும்தான் போகிறது. சந்தை இறங்கினால் கணக்கில் உள்ள தொகையும் இறங்கும். உறுதியான தொகை தருவது அடல் ஓய்வூதியத் திட்டம்; அதில் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு 42. ஆகவே என் முன்னால் இருப்பவை இரண்டுதான்: என்.பி.எஸ்., இல்லையென்றால் மியூச்சுவல் ஃபண்ட்.

வருமானம் எதில் அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் என்.பி.எஸ்.ஸில் பணம் எங்கே போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நாமே பங்கிட்டுத் தேர்வு செய்தால் 75 சதவீதம் வரை பங்குகளில் வைக்கலாம். எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் வயதுக்கு ஏற்பத் தானாக மாறும் முறைக்குப் போய்விடும். அதில் 35 வயது வரை பாதிப் பணம் பங்குகளில் இருக்கும், அப்புறம் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்துகொண்டே வரும். என் வயதில் பங்குகளில் இருப்பது 36 சதவீதம்தான். அந்தக் கணக்கை முழுக்கப் பங்குகளில் போடும் ஃபண்டோடு ஒப்பிட்டு 'என்.பி.எஸ். வளரவே இல்லை' என்று சொல்வது நியாயமில்லை. ரிஸ்க் வேறு, அதனால் வருமானமும் வேறு.

செலவை ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய், 18 ஆண்டுகள். கட்டுவது மொத்தம் 10.8 லட்சம். இரண்டிலும் பணம் ஒரே மாதிரிப் பங்கிடப்பட்டு, செலவு போவதற்கு முன் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது வாக்குறுதி இல்லை, ஒப்பிடுவதற்கான அனுமானம்.

என்.பி.எஸ்.ஸின் வழக்கமான திட்டங்களில் நிதி மேலாண்மைக் கட்டணம் மிகக் குறைவு. மற்றக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 0.1 சதவீதம் என்று எடுத்தால் கடைசியில் ஏறக்குறைய 29.7 லட்சம் நிற்கும். மியூச்சுவல் ஃபண்டில், ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகச் சேரும் டைரக்ட் பிளானாக, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் எடுத்து, செலவு 0.3 சதவீதம் என்றால் 29 லட்சம். ஏஜென்ட் வழியாக ரெகுலர் பிளானில் சேர்ந்து, கமிஷனோடு செலவு 1.8 சதவீதம் ஆனால் 24.5 லட்சம்.

என்.பி.எஸ்.ஸுக்கும் டைரக்ட் பிளானுக்கும் உள்ள இடைவெளி 70 ஆயிரத்துக்குள்தான். டைரக்டுக்கும் ரெகுலருக்கும் நடுவிலோ நாலரை லட்சம் போகிறது. உங்கள் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, திட்டத்தின் பெயருக்குப் பின்னால் Direct என்று இருக்கிறதா, Regular என்று இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியில் அந்தத் தம்பி 'சார்ஜ் எதுவும் இல்ல சார்' என்று சொல்லியிருக்கலாம். தனியாக பில் வராது என்பது உண்மை. ஆனால் தினமும் யூனிட் மதிப்பைக் கணக்கிடும்போதே அந்தச் செலவு கழிக்கப்படுகிறது.

இனி, பணம் எவ்வளவு காலம் பூட்டப்பட்டிருக்கும் என்பது. பிள்ளை உள்ளவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. எட்டு ஆண்டில் கல்லூரி. அதுவரை மாதம் 5,000 கட்டினால் நான் போட்டது 4.8 லட்சம், அதே 10 சதவீதத்தில் கணக்கில் இருப்பது 7.3 லட்சம். என்.பி.எஸ்.ஸில் மூன்று ஆண்டு முடிந்தால் இடையில் எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். பிள்ளையின் உயர்கல்வி, திருமணம், வீடு, கடுமையான நோய் போன்ற காரணங்களுக்கு அனுமதியும் உண்டு. ஆனால் எடுக்கக்கூடியது நாம் கட்டிய தொகையில் 25 சதவீதம்தான். வளர்ந்த தொகையில் இல்லை. அதாவது 1.2 லட்சம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுச் செலவுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, கணக்கையே மூடிவிடலாம் என்றால், அந்த நிலையில் குறைந்தது 80 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதப் பென்ஷனாக மாற்ற வேண்டும். கையில் வருவது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. மியூச்சுவல் ஃபண்டில் அந்த ஏழு லட்சத்தையும் சில நாளில் எடுத்துவிடலாம். பங்கு ஃபண்டாக இருந்தால், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு 12.5 சதவீத வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கல்லூரி தொடங்கும் ஆண்டில் சந்தை விழுந்து கிடந்தால் கையில் வருவதும் குறையும். அதனால் அந்தப் பணத்தைக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் வங்கி வைப்புநிதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிட வேண்டும்.

60 வயதில் என்ன? 2025 டிசம்பரில் விதிகள் தளர்ந்தன. அரசு ஊழியர் அல்லாதவர்கள் முன்பு 40 சதவீதத்தைப் பென்ஷனாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது 20 சதவீதம் போதும். மொத்தமே 8 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுத்துவிடலாம். ஆனால் விதி தளர்ந்த நேரத்தில் வருமான வரி விலக்கு 60 சதவீதம் வரை மட்டுமே என்று இருந்தது. எடுக்கிற ஆண்டில் வரி விதி என்ன என்று விசாரித்துவிட்டே 80 சதவீதத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

29.7 லட்சத்தில் 20 சதவீதம் என்பது 5.9 லட்சம். பென்ஷன் விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் மாதம் 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். பெரும்பாலான வகைகளில் அந்தத் தொகை விலைவாசியோடு ஏறாது, அதற்கு வருமான வரியும் உண்டு. ஆனாலும் கடைசி வரை நிற்காமல் வரும் பணம் அது. ஓய்வு பெற்ற கையோடு வந்த மொத்தத் தொகையை உறவுக்காரரின் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். அந்த வகையில் பூட்டும் ஒரு பாதுகாப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

வரிச் சலுகைக்காகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று. 50,000 ரூபாய் கூடுதல் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் இருப்பவர்களுக்கு, முதலாளி தம் பங்காகக் கட்டும் தொகைக்குத்தான், அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை சலுகை. உங்கள் கம்பெனி அதற்குச் சம்மதிக்குமா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். சம்மதித்தால் என்.பி.எஸ்.ஸின் பக்கம் தராசு நன்றாகவே சாயும்.

எங்கள் கம்பெனியில் அந்த வசதி இல்லை. அதனால் நான் பிரித்துக்கொண்டேன்: 3,000 ரூபாய் மகள் படிப்புக்கு டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டில், 2,000 ரூபாய் என்.பி.எஸ்.ஸில், பங்குகளுக்கு 60 சதவீதம் என்று நானே தேர்வு செய்து. இரண்டிலும் மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். 60 வயதுக்கு முன் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அரசு ஊழியர் அல்லாதவர் என்பதால் என்.பி.எஸ். தொகை முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். பென்ஷனாக மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை.