கம்பி கீழேயா, மேலேயா?

பாலக்கோட்டுப் பக்கம் அக்கா வீடு கட்டுகிறாள். முதல் வீடு. வங்கி கொடுத்த கடன் தாளை மாமா போனில் எனக்குப் படித்துக் காட்டினார்.

"பிளிந்த் முடிஞ்சா ஒரு தவணை, லிண்டல் முடிஞ்சா ஒரு தவணை, ரூஃப் ஸ்லாப் போட்டா ஒரு தவணை. எல்லாம் சாங்ஷன்டு பிளான்படி இருக்கணுமாம். இதுல எனக்கு ரூஃப் மட்டுந்தான் மாப்ள புரியுது."

நான் சைட் இன்ஜினியர். தினமும் வாயில் புரளும் சொற்கள் என்பதால் இவற்றை யாருக்கும் விளக்கவேண்டியிருக்கும் என்று தோன்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த சாங்ஷன்டு பிளான். நம் ஊரில் அதை அப்ரூவல் பிளான் என்பார்கள். "நம்ம மனைதான் டிடிசிபி அப்ரூவல் ஆச்சே" என்றார் மாமா. நிறையப் பேர் வழுக்கும் இடம் இது. மனைக்கு இருக்கும் அப்ரூவல், அந்த நிலத்தைப் பிரித்துச் சாலை விட்டு மனையாக்கியதற்கான அனுமதி. அதில் எழுப்பும் வீட்டுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் இதற்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் இருந்தால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் வரைபடத்தை ஏற்றிக் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி வாங்கலாம். மாமாவின் வீடு 24க்கு 30 அடி. இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும்.

அந்தத் தாள் எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாது என்பதுதான் முக்கியம். நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எத்தனை சதுர அடி, எத்தனை மாடி, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். லிண்டலில் எத்தனை கம்பி, அது மேலே இருக்கணுமா கீழே இருக்கணுமா என்பது பெரும்பாலும் இருக்காது. அதற்குக் கம்பி வரைபடம் என்று தனியே ஒன்று போட்டு வாங்க வேண்டும். சின்ன வீடுதானே என்று பல பேர் அதை வாங்குவதில்லை. மேஸ்திரியின் கை அளவே கணக்காகிவிடுகிறது.

அப்ரூவல் பிளானிலேயே வீட்டைக் கத்தியால் நெடுக வெட்டிப் பார்த்தது போல ஒரு படம் இருக்கும். வங்கித் தாளில் உள்ள மற்ற மூன்று சொற்களும் அந்தப் படத்தில் கீழிருந்து மேலாக வரும். மூன்றும் உயரத்தின் பெயர்கள்.

அடியில் இருப்பது பிளிந்த். கொத்தனாரிடம் இந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், பேஸ்மட்டம் என்றால்தான் அவருக்குப் புரியும். இங்கிலீஷ்காரன் பேஸ்மெண்ட் என்றால் பூமிக்குள் இருக்கும் அறை. நாம் அதே சொல்லை வாங்கித் தரைக்கு மேலே வைத்துவிட்டோம். வெளித்தரைக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவில் தெரியும் பாகம்தான் அது. கல் குவாரி பக்கத்திலேயே இருப்பதால் நம் மாவட்டத்தில் இதைக் கருங்கல்லால் கட்டுவது வழக்கம்.

சுற்றியுள்ள தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதி. நான் மனையிலிருந்து அளப்பதில்லை, சாலையின் நடுமேட்டிலிருந்து அளப்பேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறும், வீடு ஏறாது. மாமாவின் மனை சாலையைவிட ஒரு அடி பள்ளம். ஆக மனையிலிருந்து இரண்டரை அடி.

அந்தப் பெட்டிக்குள் மண் நிரப்பணும். உள்பரப்பு ஏறத்தாழ 640 சதுர அடி, இரண்டரை அடி உயரம் என்றால் 1,600 கன அடி, அதாவது 16 யூனிட். கெட்டிப்படும்போது அமுங்கும் என்பதால் அதற்கு மேலும் வாங்க வேண்டியிருக்கும். டிராக்டர் லோடு லோடாகக் கொட்டி ஒரே நாளில் நிரவிவிட்டால் இரண்டு மழைக்காலம் கழித்து டைல்ஸ் உள்வாங்கும், நடந்தால் டொப்டொப் என்று சத்தம் வரும். அரை அடி கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு, அதற்கு மேல் அடுத்த அரை அடி. சுவர் தொடங்கும் முன் கல்லின்மேல் ஓடும் பெல்ட் கான்கிரீட்டும் இங்கேதான் வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கலில் மண்ணின் ஈரம் ஏறும். அதைத் தடுக்கிற வேலையும் அந்த பெல்ட்டுக்கு உண்டு.

இதுவரை எல்லாம் கல்லும் மண்ணும். நசுக்கும் எடையைத் தாங்குவதுதான் இவற்றின் வேலை. அடுத்த இரண்டும் அப்படியில்லை. அவை அந்தரத்தில் நிற்பவை.

கதவுக்கும் சன்னலுக்கும் மேலே, தரையிலிருந்து சுமார் ஏழு அடியில், படுத்துக் கிடக்கும் கான்கிரீட் கட்டைதான் லிண்டல். அதன் மேல் இருக்கிற சுவர் முழுக்க அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் அது தப்பு. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பூட்டிக்கொள்வதால், மேலே போதுமான உயரத்துக்குச் சுவர் இருந்தால், எடையில் பெரும்பகுதி வளைவு போலப் பக்கத்துச் சுவர்களுக்கு வழிந்துவிடும். சன்னலின் அகலத்தையே மூன்று பக்கமாகக் கொண்ட ஒரு முக்கோண அளவுச் சுவர்தான் லிண்டலுக்கு மிஞ்சும். நான்கடி சன்னல், ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அந்த முக்கோணத்தின் எடை 280 கிலோ அளவில் வரும். இது பெரிய எடையில்லை. ஆனால் லிண்டலின் இரண்டு முனையும் சுவருக்குள் குறைந்தது அரை அடி ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். வழிந்து வரும் எடை இறங்குவது அங்கேதான்.

அந்த 280 கிலோ லிண்டலை என்ன செய்கிறது என்று காட்ட, அக்காவின் பழைய ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டேன். அடிப்பக்கமும் மேல்பக்கமும் பிளேடால் குறுக்கே ஒரு கீறல். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலமாக வைத்து நடுவில் அழுத்தினால் மேல் கீறல் மூடிக்கொள்கிறது, கீழ்க் கீறல் வாயைப் பிளக்கிறது. லிண்டலுக்கும் இதேதான் நடக்கிறது. மேல்பாகம் நசுங்குகிறது, கீழ்பாகம் இழுபடுகிறது. கான்கிரீட்டுக்கு நசுக்கினால் கவலையில்லை. இழுத்தால், நசுக்கும்போது தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவே தாங்கும். அதனால் கீறல் பிளக்கும் இடத்தில் கம்பி வைக்கிறோம். லிண்டலில் முக்கியக் கம்பி கீழே.

"அப்ப சன்ஷேடுக்கும் கீழதானே?" என்றாள் அக்கா.

செருப்பின் குதிகால் பக்கத்தைத் திண்ணையில் வைத்துச் செங்கல் ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை அழுத்தச் சொன்னேன். இப்போது பிளந்தது மேல் கீறல்!

சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகை. அதற்குக் கம்பி மேலே இருக்கணும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், கட்டுமானத்தில் நடக்கும் மோசமான தவறுகளில் ஒன்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வரைபடத்தில் சரியாகவே இருக்கும், கம்பி கட்டுகிறவரும் சரியாகவே மேலே கட்டியிருப்பார். கான்கிரீட் போடும்போது பாண்டுச் சட்டியோடு வருகிறவர்கள் அதன்மேலேயே நடப்பார்கள். கம்பி மெல்லக் கீழே போய்விடும். மேலே கான்கிரீட் மூடிய பிறகு எதுவும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரோரம் நாலு அங்குல கனமுள்ள சன்ஷேடு, அதாவது 100 மில்லிமீட்டர். மேலே 20 மில்லிமீட்டர் மூடுகான்கிரீட், அதற்குக் கீழே 8 மில்லிமீட்டர் கம்பி. கம்பியின் நடுவிலிருந்து அடிப்பரப்பு வரை 76 மில்லிமீட்டர் இருக்கும். இந்த ஆழம்தான் அதன் நெம்புகோல். ஒரு மிதியில் கம்பி ஒரு அங்குலம் இறங்கினால் 51 ஆகிவிடும். கம்பியும் சிமெண்டும் அதே அளவு, பலத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. முழுக்க அடியில் போய்விட்டால், முட்டு எடுத்த அன்றே கீழே வரலாம்.

நான் வேலை கற்ற நாட்களில் ஒரு சைட்டில் சன்ஷேடின் மேல்பரப்பில், சுவரை ஒட்டி, மயிரிழை போல ஒரு கோடு நெடுக ஓடியிருந்தது. பூச்சு விரிசல் என்றார்கள். உடைத்துப் பார்த்தால் கம்பி அடியில் கிடந்தது. இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. செருப்பின் குதிகால் மேல் செங்கல் வைத்தோமே, அந்தச் செங்கல்தான் லிண்டலுக்கு மேலே வரும் சுவர். அந்தச் சுவர் ஏறுவதற்கு முன்னால் சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் முட்டுக்கால்களை எடுத்தால், கம்பி சரியாக இருந்தாலும் மொத்தமும் முன்னால் கவிழப் பார்க்கும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்லாப் என்பது தளம். லிண்டலையே அறை அகலத்துக்கு விரித்துப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அறையின் நடுவில் கம்பி கீழே. சுவரின் மேலேறி அடுத்த அறைக்குப் போகும் இடத்தில் அது மேல்நோக்கி வளைவதால், அங்கே கம்பி மேலேயும் வேண்டும். இதற்காகத்தான் கம்பியைச் சாய்த்து மேலே தூக்குகிறார்கள், அல்லது தனிக் கம்பி வைக்கிறார்கள். மாமாவின் பெரிய அறை 10க்கு 12 அடி. ஐந்து அங்குலத் தளம் சதுர அடிக்கு 29 கிலோ வரும். ஆள், கட்டில் எதுவும் ஏறாமலே அந்த அறையின் தலைமேல் மூன்றரை டன்.

தளத்தில் நேர்மாறான தவறு நடக்கும். கீழ்க் கம்பி பலகையிலேயே படுத்துவிடும். சில வருடம் கழித்துக் கூரையின் அடியில் கட்டம் கட்டமாகத் துருக்கோடு தெரியும், பிறகு காரை பெயர்ந்து விழும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற 20 மில்லிமீட்டர் சின்னக் கட்டைகளை வைப்பது இதைத் தடுக்கத்தான். உடைந்த ஜல்லியையும் டைல்ஸ் துண்டையும் வைத்துச் சமாளிப்பார்கள். அவை நழுவும்.

போட்ட தளம் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கல்லாகிறது. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவது அதற்குத்தான். இப்போது அதிகம் விற்கிற பிபிசி சிமெண்ட் மெதுவாக இறுகும் வகை, நம் மாசி, பங்குனி வெயிலில் பத்து நாளுக்குக் குறைக்கவே கூடாது. பதினாலு நாள் நல்லது.

போன வாரம் லிண்டலும் சன்ஷேடும் போட்டார்கள். நான் போவதற்கு முன்பே அக்கா சன்ஷேடு கம்பிக்குக் குறுக்கே, கம்பியில் படாமல், செங்கல் அடுக்கி அதன்மேல் இரண்டு பலகை போட்டு வைத்திருந்தாள். நடக்கிறவர்கள் அதில்தான் நடக்கணும். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்ஜினியர் நீங்களா, உங்க அக்காவாங்க? காலையில இருந்து அளவுக்கோலும் கையுமா நிக்கிறாங்க."