விடைக்குறிப்பில் இல்லாத விடை

பாம்பனுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பருவத் தேர்வுக்கு நானே ஒரு கேள்வி அமைத்திருந்தேன்: "மீன்பிடித் தடைக்காலம் மீன்வளத்தைப் பெருக்குமா? காரணங்களுடன் எழுதுக." ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில் ஐந்து காரணங்கள்: இனப்பெருக்கக் காலம், முட்டைகள் தப்புவது, குஞ்சுகள் வளர்வது, இழுவைமடி வலை படாமல் கடலடி ஓய்வு பெறுவது, பின்னர் பிடிபாடு கூடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

ஒரு மாணவி ஏழே வரிகள் எழுதியிருந்தாள். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மறுநாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கும். மடியின் கண்ணி சிறிதாக இருந்தால், இரண்டு மாதத்தில் பாதி வளர்ந்த மீன்களும் ஒரே வாரத்தில் வந்துவிடும். அப்போது மீன் கூடவில்லை, பிடிக்கும் நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது. கண்ணியையும் கட்டுப்படுத்தினால்தான் தடை பலன் தரும்."

என் பட்டியலில் இருந்த ஒரு காரணம்கூட நேராக இல்லை. ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். ஆனால் "நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது" என்ற வரி விடவில்லை. "பெருக்குமா?" என்றுதானே கேட்டிருந்தேன்? 'ஆம்' என்ற விடைக்கு மட்டுமே குறிப்பு எழுதியது என் தவறு.

மொழி நடையை ஒதுக்கிவிட்டு மூன்றைப் பார்த்தேன். கேள்விக்கு விடை சொல்கிறாளா? சொல்கிறாள். அவள் சொல்லும் தகவல் உண்மையா? தேதிகளும் நாள்கணக்கும் சரி. விசைப்படகுக்குத்தான் இந்தத் தடை என்பதும் சரி. அந்தத் தகவலிலிருந்து முடிவு பிறக்கிறதா? இங்கேதான் ஓர் ஓட்டை. தடைக்காலத்தில் முட்டையிட்டு முடித்த மீன் ஜூனில் பிடிபட்டாலும், அதன் முட்டைகள் கடலில் சேர்ந்துவிட்டன. ஆகவே வெறும் தள்ளிப்போடல் மட்டும் இல்லை. இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

நான்கு மதிப்பெண் கொடுத்தேன். பக்கத்தில், "முட்டையிட்டுவிட்ட மீனைப் பற்றி என்ன சொல்வாய்?" என்று எழுதினேன். பிடித்துப்போனதால் அள்ளிக் கொடுக்கிறேனோ என்ற சந்தேகம் இருந்தது. அதனால் மதிப்பெண்ணை மறைத்துச் சக ஆசிரியர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். அவரும் நான்கு என்றார்.

பிறகு விடைக்குறிப்பில் ஆறாவதாக ஒரு வரி சேர்த்தேன்: "தடையின் வரம்பைச் சுட்டி, காரணத்துடன் வாதிட்டால் நான்கு வரை தரலாம்." ஒரு தாளுக்கு மட்டும் விதியை மாற்றுவது மற்றவர்களுக்கு அநீதி. திருத்தி முடித்திருந்த தாள்களையெல்லாம் மீண்டும் எடுத்தேன்.

பதினான்காவது தாளில் ஒரு பையன், "தடை முடிஞ்சதும் எல்லாரும் போய் அள்ளிருவாங்க" என்று எழுதியிருந்தான். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. நான் போட்டது.