கெட்டிப் பாறைதான், ஆனாலும் சரியும்

மாதவரம் பக்கம் பாறைவேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் பலர் மலைச்சாலை அகலப்படுத்தும் வேலைக்குப் போகிறார்கள். ஹிட்டாச்சியை ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். "சார், நல்ல கெட்டிப் பாறை. நேரா வெட்டிடலாம்ல?" இந்த மழையிலும் அப்படி வெட்டிய ஓர் இடம் ராத்திரியில் சாலைக்கு இறங்கிவிட்டது. கீழே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

கேட்டால் லேப் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். பாறைத் துண்டு 100 மெகாபாஸ்கல் தாங்கியதாம். தாங்கட்டுமே! 10 மீட்டர் உயர வெட்டின் அடியில் மேலே உள்ள பாறையின் எடையால் வரும் அழுத்தம் சுமார் 0.27 மெகாபாஸ்கல். அந்தப் பாறை நசுங்கப் போவதில்லை என்பது கணக்குப் போடாமலே தெரியும். கை அளவு துண்டை அமுக்கிப் பார்த்தால் அந்தத் துண்டைப் பற்றித்தான் தெரியும். மலை ஒரே துண்டு இல்லை. பாறை நெடுக இயற்கையாகவே பிளவுத் தளங்கள் ஓடுகின்றன. நாங்கள் ஜாயின்ட் என்போம். சரிவது அந்தத் தளங்களின் மேல்தான். பாறையின் கெட்டித்தனம் அங்கே உதவாது. உராய்வும் சாய்வும்தான் பேசும்.

ஜாயின்டைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்குக் கொட்டிய கற்களைப் பாருங்கள். வெடியில் உடைந்த பக்கம் கரடுமுரடாக, புதுசாக இருக்கும். சில கற்களில் மட்டும் ஒரு பக்கம் தட்டையாக, துருப்பிடித்த பழுப்பில் இருக்கும். பெரும்பாலும் அது தண்ணீர் காலகாலமாக ஓடிய ஜாயின்ட் முகம்.

ஒரே ஒரு தளத்தின் மேல் சரிவதற்கு நிபந்தனைகள் உண்டு. தளம் சாலைப் பக்கம் சாய வேண்டும். அதன் திசை வெட்டு முகத்தின் திசையிலிருந்து சுமார் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாய்வு, வெட்டு முகத்தைவிடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தைவிட, அதாவது தளத்தின் மேல் கல் தானாக வழுக்கத் தொடங்கும் சாய்வைவிட, அதிகமாகவும் இருக்க வேண்டும். இதைப் பல சைட் இன்ஜினீயர்களும் பார்க்கிறார்கள். அங்கேயே நின்றுவிடுகிறார்கள், இரண்டு தளங்கள் சேர்ந்து சரிவதைப் பார்ப்பதில்லை.

இறங்கிய இடத்தில் நடந்தது அதுதான். முகத்தை 1 மீட்டருக்கு 4 மீட்டர் உயரம் என்று, அதாவது 76 டிகிரியில் வெட்டியிருந்தார்கள். ஒரே மாதிரி சாயும் ஜாயின்டுகளை ஒரு தொகுதி என்போம். அங்கே இரண்டு தொகுதிகள். இரண்டுக்கும் சாய்வு 60 டிகிரி. சாலையைப் பார்த்து நின்றால் ஒன்று 50 டிகிரி இடது பக்கம் விலகிச் சாய்கிறது, மற்றது 50 டிகிரி வலது பக்கம். "எதுவுமே நேரா ரோட்டைப் பார்க்கலையே சார்" என்றார் அங்கிருந்த தம்பி. தனித்தனியாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால் புத்தகத்தை விரித்து உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். இரு பக்கங்களும் உங்களைப் பார்க்காது, நடு மடிப்பு நேராக உங்களிடம் இறங்கும். அந்த மடிப்புதான் இரண்டு தளங்களும் சந்திக்கும் கோடு. ஆப்பு வடிவப் பாறை அந்தக் கோட்டின் வழியாகத்தான் வரும்.

இங்கே அந்தக் கோட்டின் சாய்வு 48 டிகிரி. முகம் 76 டிகிரி என்பதால் கோடு முகத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஜாயின்டின் உராய்வுக் கோணத்தை 35 என்று வைத்தேன். 48 அதைவிட அதிகம். இரு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால் ஆப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு. அதையும் சேர்த்துக் காய்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி, அதாவது பிடிக்கும் விசையைச் சரிக்கும் விசையால் வகுத்தது, 0.84 தான். 1-க்குக் கீழே. பிறகு எப்படிச் சில மாதம் நின்றது? ஜாயின்டுக்கு நடுவே உடையாத பாலங்களும், தளத்தின் மேடுபள்ளமும் பிடித்திருந்தன. வெடி அதைத் தளர்த்தியது. மழைநீர் உள்ளே நின்று இரு முகங்களையும் விலக்கித் தள்ளியது.

அதனால் வெட்டுவதற்கு முன்பே, வெளியே தெரியும் பாறையில் காம்பஸ் வைத்துச் சாய்வையும் திசையையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு இரண்டு ஜாயின்ட் தொகுதிக்கும் அவை சந்திக்கும் கோடு எங்கே இறங்குகிறது என்று வரைந்து பாருங்கள். முகத்தை 48-க்குக் கீழே படுக்க வைக்க இடம் இருக்காது, எனக்கும் தெரியும். அப்படியானால் பாறைக்குள் துளையிட்டுக் கம்பி பதித்து ஆங்கர் போடுங்கள், மேல் தட்டில் போட்டு முடித்த பிறகுதான் கீழ்த் தட்டை வெட்ட வேண்டும். எல்லாம் வெட்டி முடித்துவிட்டு "இப்ப ஆங்கர் அடிக்கலாமா" என்று கேட்காதீர்கள். முகத்தில் கான்கிரீட்டைப் பீய்ச்சி ஷாட்கிரீட் அடித்தால் வடிகால் துளை விடுங்கள். துளையில்லாமல் பூசினால் தண்ணீரை நீங்களே உள்ளே அடைக்கிறீர்கள்.

லாரி ஓட்டும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். மழை பெய்யும்போது வெட்டு முகத்தின் கீழே வண்டியை ஓரங்கட்டித் தூங்காதீர்கள். சின்னக் கற்கள் உதிர்ந்துகொண்டே இருந்தாலோ, பாறை இடுக்கிலிருந்து புதிதாகக் கலங்கல் தண்ணீர் வந்தாலோ, நின்று பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுங்கள். மேலே விளிம்புக்குப் பின்னால் புது விரிசல் தெரிந்தால் சைட் ஆட்களும் கீழே மிஷினை நிறுத்தி வைக்க வேண்டாம், அன்றைக்கே போக்குவரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.