ஒரு நாணயத்தைத் திருப்பி 64-இல் ஒன்றைக் காட்டுவது எப்படி?

சதுரங்கப் பலகை ஒன்றில் 64 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நாணயம். எது தலை, எது பூ என்பதெல்லாம் சிறை அதிகாரியின் இஷ்டம். ஏதோ ஒரு கட்டத்துக்கு அடியில் சாவியை ஒளித்து வைத்திருக்கிறார். முதல் கைதியை உள்ளே கூப்பிட்டு, சாவி இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். கைதி ஒரே ஒரு நாணயத்தைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பாமல் விடவும் கூடாது, இரண்டைத் தொடவும் கூடாது. அவர் போன பிறகு இரண்டாவது கைதி வருகிறார். பலகையைப் பார்த்து சாவி எங்கே என்று அவர் சரியாகச் சொன்னால் இருவருக்கும் விடுதலை. முந்தின நாளே இருவரும் பேசி ஒரு திட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேச்சை அதிகாரி ஒட்டுக்கேட்டுவிட்டுத்தான் நாணயங்களை அடுக்குகிறார்.

கேட்டவுடன் யாருக்கும் தோன்றுவது, சாவிக்கு மேலே இருக்கும் நாணயத்தைத் திருப்பிவிடலாம் என்பதுதான். திருப்பலாம். ஆனால் பலகை முன்பு எப்படி இருந்தது என்று இரண்டாமவருக்குத் தெரியாதே. அவர் பார்ப்பது தலையும் பூவுமாக இறைந்து கிடக்கும் 64 நாணயங்களை. அதில் எது திருப்பப்பட்டது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. புதிரின் முடிச்சே இதுதான். முதல் கைதியின் கையில் 64 தேர்வுகள் இருக்கின்றன, ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது இரண்டாமவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் சேதியைத் திருப்பிய நாணயத்தில் வைக்க முடியாது, பலகை முழுவதிலும் வைக்க வேண்டும்.

இரண்டே கட்டங்கள் இருந்தால் என்ன செய்வோம்? கட்டம் 0, கட்டம் 1. திட்டம் இது: கட்டம் 1-இல் உள்ள நாணயத்தை மட்டும் பார், பூ என்றால் சாவி 0-இல், தலை என்றால் 1-இல். ஏற்கெனவே அது சரியாகவே கிடந்தால்? கட்டாயத்துக்காக 0-இல் உள்ளதைத் திருப்பிவிட வேண்டியதுதான், அதை யாரும் பார்க்கப் போவதில்லை. எதற்கும் உதவாத இந்த 0-ஆம் நாணயம் பெரிய பலகையிலும் நமக்குத் தேவைப்படும்.

64-க்குப் போவதற்கு முன் 16 கட்டங்களில் முழுதாகப் பார்த்துவிடலாம். வழி ஒன்றுதான், எண்ணுவதுதான் சுலபம்.

```
 0  1  2  3
 4  5  6  7
 8  9 10 11
12 13 14 15
```

0 முதல் 15 வரை எந்த எண்ணையும் 1, 2, 4, 8 என்ற நான்கில் சிலவற்றைக் கூட்டி எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான். 13 என்றால் 8+4+1. 6 என்றால் 4+2. இதை வைத்துக் கட்டங்களை நான்கு குழுக்களில் சேர்க்கிறோம். 13-இல் 8, 4, 1 இருப்பதால் அது 8-ஆம் குழுவிலும், 4-ஆம் குழுவிலும், 1-ஆம் குழுவிலும் உறுப்பினர். 0 எந்தக் குழுவிலும் இல்லை. பலகையில் பார்த்தால் இன்னும் எளிது. 1-ஆம் குழு என்பது இரண்டாவது, நான்காவது நெடுவரிசைகள். 2-ஆம் குழு கடைசி இரண்டு நெடுவரிசைகள். 4-ஆம் குழு இரண்டாவது, நான்காவது கிடைவரிசைகள். 8-ஆம் குழு கீழ்ப்பாதி.

இரண்டாவது கைதி செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு குழுவிலும் எத்தனை தலை என்று எண்ணுகிறார். ஒற்றைப்படையாக வந்தால் அந்தக் குழுவின் எண்ணைக் கணக்கில் சேர்க்கிறார், இரட்டைப்படையாக வந்தால் விட்டுவிடுகிறார். கடைசியில் வரும் கூட்டுத்தொகைதான் சாவியின் கட்டம்.

சரி, முதல் கைதி அப்படி ஒரு தொகையை எப்படி வரவழைப்பது? அதிகாரி 2, 5, 6, 11, 12, 15 ஆகிய கட்டங்களில் தலை வைத்திருக்கிறார், மற்றதெல்லாம் பூ என்று வைத்துக்கொள்வோம். சாவி 4-இல். முதலில் பலகை இப்போது என்ன சொல்கிறது என்று பார்க்கிறார். 1-ஆம் குழுவில் 5, 11, 15 என மூன்று தலைகள், ஒற்றைப்படை. 2-ஆம் குழுவில் 2, 6, 11, 15 என நான்கு, இரட்டைப்படை. 4-ஆம் குழுவில் 5, 6, 12, 15, அதுவும் நான்கு. 8-ஆம் குழுவில் 11, 12, 15, மூன்று. ஆக பலகை 8+1 = 9 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்ல வேண்டியது 4. அப்படியானால் 8-ஆம் குழு மாற வேண்டும், 1-ஆம் குழு மாற வேண்டும், 4-ஆம் குழுவும் மாற வேண்டும், 2-ஆம் குழு அப்படியே இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் இருந்து, 2-இல் இல்லாத நாணயம் எது? 8+4+1, அதாவது 13. அதைத் திருப்பினால் வேலை முடிந்தது.

13 பூவாக இருந்தது, தலையாயிற்று. மூன்று குழுக்களிலும் ஒரு தலை கூடியது. சாவி 2-இல் இருந்திருந்தால் திருப்ப வேண்டியது 11. அது தலை, பூவாக மாறும். அது சேர்ந்திருக்கும் குழுக்களில் ஒரு தலை குறையும். கூடினாலும் குறைந்தாலும் ஒற்றை இரட்டையாகிவிடும், இரட்டை ஒற்றையாகிவிடும். அதிகாரி எதைத் தலையாக வைத்தார், எதைப் பூவாக வைத்தார் என்பது நம் கைகளைக் கட்டாததற்குக் காரணம் இதுதான். சாவி 9-இலேயே இருந்தால்? பலகை ஏற்கெனவே உண்மையைத்தான் சொல்கிறது. எந்தக் குழுவிலும் சேராத 0-ஐத் திருப்பிவிட்டு நடையைக் கட்டலாம்.

நான்கு குழுக்களில் எவை மாற வேண்டும் என்பதற்கு மொத்தம் 16 சாத்தியங்கள். அந்த 16-க்கும் ஆளுக்கு ஒரு கட்டம் மிகச் சரியாக இருக்கிறது. 64 கட்டப் பலகையில் 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு குழுக்கள், மற்றபடி எதுவும் மாறாது. அதிகாரி ஒட்டுக்கேட்டதால் பயனில்லை, ஏனென்றால் திட்டத்துக்குப் பிடிபடாத அடுக்கு என்று ஒன்று கிடையாது. கணினிக்காரர்கள் இந்த ஒற்றை-இரட்டைக் கணக்கை எக்ஸ்-ஆர் என்பார்கள். தலை விழுந்த கட்ட எண்களை எல்லாம் எக்ஸ்-ஆர் செய்தால் ஒரே மூச்சில் விடை வந்துவிடும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கட்டங்களைக் குறைத்தால் புதிர் எளிதாகும் என்றுதானே நினைப்போம்? மூன்று கட்டங்கள் மட்டும் இருந்தால் இதைச் செய்யவே முடியாது. நம் குழு முறை மட்டும் தோற்கவில்லை, எந்தத் தந்திரமும் தோற்கும்.

மூன்று நாணயங்கள் எட்டு விதமாகக் கிடக்கலாம். அந்த எட்டையும் ஒரு கனசதுரத்தின் எட்டு முனைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்தைத் திருப்புவது என்றால் ஒரு விளிம்பு வழியாகப் பக்கத்து முனைக்கு நடப்பது. ஒவ்வொரு முனைக்கும் மூன்று பக்கத்து முனைகள். திட்டம் என்பது என்ன? இந்த அடுக்கைப் பார்த்தால் இந்தக் கட்டம் என்று எட்டு முனைகளுக்கும் விடை எழுதி வைப்பது. மூன்று விடைகளை மூன்று நிறங்கள் என்று கொண்டால், முனைகளுக்கு நிறம் தீட்டுவது. அதிகாரி நம்மை எந்த முனையில் நிறுத்தினாலும், எந்த நிறம் கேட்டாலும், ஒரே அடியில் அங்கே போக முடிய வேண்டும். அதாவது எந்த முனைக்கும் அண்டை முனைகள் மூன்றும் மூன்று வெவ்வேறு நிறமாக இருக்க வேண்டும்.

இப்போது சிவப்பை மட்டும் எண்ணுவோம். எட்டு முனைகளுக்கும் தலா ஒரு சிவப்பு அண்டை, ஆக மொத்தம் எட்டு. மறுபக்கமாக எண்ணினால், ஒவ்வொரு சிவப்பு முனையும் மூன்று முனைகளுக்கு அண்டை. எனவே சிவப்பு முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் எட்டு வர வேண்டும். வராது. அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது. பொதுவாக, கட்டங்களின் எண்ணிக்கை இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்ணாக, அதாவது 2, 4, 8, 16, 32, 64 என்று இருந்தால் மட்டுமே வகுத்தல் மீதியில்லாமல் முடியும். 63 கட்டங்களில் முடியாதது 64-இல் முடிகிறது. 63-இலும் ஜெயிக்க வேண்டுமானால் அதிகாரி ஒரு சலுகை தர வேண்டும்: திருப்பாமல் விட்டாலும் சரி என்று. அப்போது 0-ஆம் நாணயத்துக்கு வேலையே இல்லை, எடுத்துவிடலாம்.

இந்தக் குழுக் கணக்கு புதிருக்காகப் பிறந்ததில்லை. பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், 1950-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் பிழை திருத்தத்துக்குப் பயன்படுத்தினார். அங்கிருந்த கணிப்பொறி பிழை நேர்ந்ததைக் கண்டுபிடிக்கும், ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியாது. ஆளில்லாத வார இறுதிகளில் வேலையை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எரிச்சலடைந்த ஹாமிங், எல்லாக் குழுக்களும் இரட்டைப்படையாக இருக்கும்படி தகவலை அனுப்பினால் என்ன என்று பார்த்தார். வழியில் ஒரு பிட் தவறாகத் திரும்பினால், ஒற்றைப்படையாகும் குழுக்களின் கூட்டுத்தொகை அந்தப் பிட்டின் இடத்தையே காட்டிக்கொடுக்கும். அங்கே தற்செயலாக நேரும் ஒரு திருப்பம், இங்கே கைதி வேண்டுமென்றே செய்யும் ஒரு திருப்பம்.

காகிதத்தில் எல்லாம் சரி, மேசையில் ஒரு சிக்கல் வந்தது. 16 நாணயங்களை வைத்து நண்பர் ஒருவரோடு விளையாடிப் பார்த்தேன். மேலே சொன்ன அடுக்குதான், 13-ஐத் திருப்பினேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவர் எண்ணிப் பார்த்து, சாவி இருந்த கட்டத்தின் மேலேயே விரலை வைத்தார். ஆனால் "பதினொன்று" என்றார்! அவர் பக்கத்து மூலையை 0 என்று எடுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார், என்னுடைய 4 அவருக்கு 11. தப்பான எண்கள், சரியான கட்டம். அடுத்த ஆட்டத்தில் சாவி 6-இல். இம்முறை நேர் எதிர்ப்பக்கத்தில் 9-ஐத் தொட்டார்.

பலகையை 180 பாகை சுற்றினால் குழுவுக்குள் இருந்தவை எல்லாம் வெளியே போய்விடும், வெளியே இருந்தவை உள்ளே வரும். மொத்தத் தலைகள் ஒற்றைப்படையாக இருந்தால் உள்ளும் வெளியும் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. எனவே எல்லா விடையும் தலைகீழாகி, சுற்றிய பலகையில் சரியான கட்டத்திலேயே போய் நிற்கும். மொத்தம் இரட்டைப்படையானால் உள்ளும் வெளியும் ஒரே மாதிரி, எண் மாறாது, கட்டம் மாறிவிடும். முதல் ஆட்டத்தில் ஏழு தலைகள் இருந்தன, இரண்டாவதில் எட்டு. அதற்கப்புறம் பலகையின் ஒரு மூலையில் பேனாவால் 0 என்று எழுதி வைத்தோம்.