அறை வாடகை வரம்பு தாண்டினால் எதில் கழிக்கலாம், எதில் கழிக்கக் கூடாது: மருத்துவமனை இறுதி பில்லைச் சரிபார்க்கும் முறை

டிஸ்சார்ஜ் நாளில் பில் கவுண்டரில் இரண்டு தாள்கள் கைக்கு வரும். ஒன்று மருத்துவமனையின் இறுதி பில். மற்றொன்று, காப்பீட்டு நிறுவனமோ அதன் சார்பில் செயல்படும் டிபிஏவோ அனுப்பிய ஒப்புதல் கடிதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலையில் இருப்பார்கள். ஆனால் அதிகமாகப் பணம் போவது அந்த இடத்தில்தான். அதிலும் பெரிய தொகை போவது ‘விகிதாசாரக் கழிவு’ என்ற ஒற்றை வரியில்.

பாலிசியில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் அறை வாடகை என்று வரம்பு இருக்கும். காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்றிருந்தால், 5 லட்ச ரூபாய் பாலிசிக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதலான 3,000 ரூபாயை மட்டும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. அதோடு முடிவதில்லை. விலை கூடிய அறைக்குப் போனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் பல மருத்துவமனைகள் கூட்டிப் போடுகின்றன. அதனால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கும். 8,000க்கு 5,000 என்றால் 62.5 சதவீதம்தான் ஏற்கப்படும்.

இந்தக் கழிவை எதன் மீது போடலாம் என்பதற்கு விதி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பாலிசியில் ‘அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்’ என்று வரையறுக்கப்பட்ட, டாக்டர், தியேட்டர் கட்டணம் போன்ற செலவுகள் மீது மட்டுமே விகிதாசாரக் கழிவு போடலாம். மருந்து, சிகிச்சையில் பயன்படுத்தித் தீர்க்கும் பொருட்கள், உடலில் பொருத்தும் இம்ப்ளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றை அந்த வரையறைக்குள் கொண்டுவரக் கூடாது. ஐசியூ கட்டணத்தின் மீதும் விகிதாசாரக் கழிவு கூடாது. ஐசியூவுக்கென்று தனி வரம்பு பாலிசியில் இருந்தால் அது மட்டும் பொருந்தும். காரணம் எளிது. எந்த அறையில் படுத்திருந்தாலும் மாத்திரையின் விலை மாறாது.

இன்னொரு பாதுகாப்பும் அதே விதியில் உண்டு. அறை வகைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில், அதாவது பொது வார்டானாலும் தனி அறையானாலும் அறுவை சிகிச்சைக் கட்டணம் ஒன்றே என்றிருக்கும் இடத்தில், விகிதாசாரக் கழிவே போடக் கூடாது. சில கட்டணங்கள் மட்டும் மாறாமல் இருந்தால் அவற்றை மட்டும் விட்டுவிட வேண்டும். இது பலருக்கும் தெரியாததால் கேட்காமலே விடப்படுகிறது.

ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம். காலில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து நாள் தங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி 5 லட்சம், அறை வரம்பு நாளுக்கு 5,000, முதலில் நோயாளியே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 20,000, ஏற்கத்தக்க தொகையில் அவர் பங்கான கோ-பேமென்ட் 10 சதவீதம். அவர் எடுத்த அறை 8,000. பில் இப்படி வருகிறது:

அறை வாடகை, நர்சிங் உட்பட: 40,000
அறைக்கு ஜிஎஸ்டி: 2,000
டாக்டர்கள், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர்: 96,000
மருந்து, பயன்படுத்திய பொருட்கள்: 38,000
பிளேட், ஸ்க்ரூ: 30,000
ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன்: 14,000
உடனிருந்தவர் சாப்பாடு, ஃபைல் கட்டணம் போன்றவை: 6,000
மொத்தம்: 2,26,000

ஜிஎஸ்டி ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐசியூ அல்லாத அறையின் வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு. 5,000 ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால் இந்த 2,000 வந்திருக்காது. வரியை ஏற்பதில் பாலிசிக்குப் பாலிசி வேறுபாடு உண்டு. இந்தக் கணக்கில் நோயாளி தலையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது விதிப்படியான கணக்கு. அறைக்கு ஐந்து நாளுக்கு 25,000 ஏற்கப்படும். டாக்டர், தியேட்டர் செலவில் 62.5 சதவீதம், அதாவது 60,000. மருந்து 38,000, இம்ப்ளான்ட் 30,000, பரிசோதனை 14,000 மூன்றும் முழுதாக. சாப்பாடு, ஃபைல் வகை 6,000 ஏற்கப்படாது. ஆக ஏற்கத்தக்க தொகை 1,67,000. இதில் டிடக்டிபிள் 20,000 போனால் 1,47,000. அதில் 10 சதவீத கோ-பேமென்ட் 14,700. நிறுவனம் தர வேண்டியது 1,32,300. நோயாளி கட்ட வேண்டியது 93,700.

இதே பில்லில் மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை மீதும் 62.5 சதவீதம் போட்டுவிட்டால் அந்த 82,000 என்பது 51,250 ஆகக் குறையும். ஏற்கத்தக்க தொகை 1,36,250க்கு இறங்கி, கடைசியில் நிறுவனம் தருவது 1,04,625 மட்டுமே. 27,675 ரூபாய் நியாயமில்லாமல் நோயாளி கையிலிருந்து போகிறது. ஒப்புதல் கடிதத்தில் மருந்துக்கு எதிரே எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அது சரியாக 37.5 சதவீதம் என்றால் காரணம் வேறெதுவும் இல்லை, விகிதத்தை எல்லாவற்றின் மீதும் ஓட்டிவிட்டார்கள்.

மறுபக்கம், அந்த மருத்துவமனையில் தியேட்டர், டாக்டர் கட்டணம் எல்லா அறைக்கும் ஒன்றே என்றால் கழித்த 36,000 திரும்ப வர வேண்டும். கோ-பேமென்ட் போக 32,400 கூடுதலாகக் கிடைக்கும். இதற்கு வேண்டியது ஒரே ஒரு தாள்: ‘அறை வகையைப் பொறுத்து இந்தக் கட்டணங்கள் மாறுவதில்லை’ என்று மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் கடிதம், அல்லது அறைவாரியான கட்டண அட்டவணை. அனுமதிக்கப்பட்டிருக்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் கேட்டால் அலைச்சல்.

அறை வரம்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பல பாலிசிகளில் வரம்பு என்பது அறை, சாப்பாடு, நர்சிங் மூன்றும் சேர்ந்தது. 5,000 ரூபாய் அறைதானே என்று எடுத்துவிட்டு, நர்சிங் கட்டணம் தனியாக நாளுக்கு 800 வந்தால் மொத்தம் 5,800 ஆகி வரம்பு தாண்டிவிடும். விகிதாசாரக் கழிவும் வந்துவிடும். அறையைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ‘நர்சிங், டியூட்டி டாக்டர் சேர்த்து நாளுக்கு எவ்வளவு’ என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

டிடக்டிபிள், கோ-பேமென்ட் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிடக்டிபிள் ஒரு நிலையான ரூபாய்த் தொகை. அதுவரை செலவு உங்களுடையது, அதற்கு மேல்தான் நிறுவனம் பொறுப்பு. கோ-பேமென்ட் சதவீதம். அது ஏற்கத்தக்க தொகையின் மீதுதான், மொத்த பில்லின் மீதல்ல. மேலே சொன்ன பில்லில் 2,26,000க்கு 10 சதவீதம் என்று 22,600 கழித்திருந்தால் அது பிழை. எது முதலில் என்பதும் பணம்தான்: டிடக்டிபிளுக்கு முன்பே கோ-பேமென்ட் போட்டால் 1,50,300 ஆகி, பிறகு 20,000 போய் 1,30,300தான் வரும், 2,000 குறைவு. வரிசையைப் பாலிசி வாசகம் சொல்லும்; அதைக் காட்டச் சொல்லுங்கள். டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு கிளெய்முக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் வரும் செலவுக்கென்றே எடுக்கும் சூப்பர் டாப்-அப் பாலிசியில் அது ஆண்டு முழுவதற்கும் சேர்த்து. இதே ஆண்டில் முன்பு ஒரு சிகிச்சைக்கு அதைக் கடந்துவிட்டவருக்கு மறுபடி கழிக்க முடியாது.

பேக்கேஜ் கட்டணத்தில் கணக்கு வேறு. மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் ஓர் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். பேக்கேஜில் என்னென்ன அடங்கும், எத்தனை நாள், இம்ப்ளான்ட் உள்ளேயா வெளியேயா என்பது அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். இறுதி பில்லில் பேக்கேஜ் தொகை ஒரு வரியாகவும், அதன் கீழே தியேட்டர், கையுறை, பஞ்சு என்று தனி வரிகளாகவும் வந்தால் அங்கே நிறுத்திக் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை பணம் கேட்கிறார்கள். பஞ்சு, காஸ் துணி, சர்ஜிக்கல் டேப், எக்ஸ்ரே ஃபிலிம் போன்றவை பேக்கேஜ் இல்லாத பில்லிலும் அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை என்றே ஐஆர்டிஏஐ பட்டியல் சொல்கிறது. அடையாளப் பட்டை, ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் ஆகியவை அறைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலோ சிகிச்சை ஒப்புதலாகியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அங்கே கோ-பேமென்ட் கிடையாது, ஒப்புதலான சிகிச்சைக்குப் பணம் கேட்கவே கூடாது. கேட்டால் 1800 425 3993 அல்லது 14555 எண்ணில் உடனே புகார் சொல்லலாம்.

மற்ற பாலிசிகளில் டிஸ்சார்ஜ் கோரிக்கை மருத்துவமனையிடமிருந்து போய்ச் சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் வர வேண்டும் என்பது ஐஆர்டிஏஐயின் 2024 மே சுற்றறிக்கை. அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஒரு தொகையை மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டுச் சொல்லவும் வேண்டும். ஆகவே வெறும் ‘விகிதாசாரக் கழிவு’ என்று எழுதி வந்தால், வரிவாரியாக எதன் மீது எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

கவுண்டரிலேயே தகராறு தீராவிட்டால் அங்கே உட்கார்ந்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசத் தொகையைக் கட்டி ரசீது வாங்குங்கள்; வரிவாரியான பில், மருந்துக் கடை பில்கள், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒப்புதல் கடிதம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துவாருங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. புகாரில் நீண்ட வருத்தக் கதை வேண்டாம். மேலே போட்டது போல இரண்டு கணக்குகளையும் பக்கம் பக்கமாக எழுதி, எந்த வரியில் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டினால் போதும்.